போனஸ் 1 லட்சம், கூடுதல் வரி 1,04,000: செஸ் ஏன் கடைசியில் வருது?

குற்றாலம் சீசனுக்கு ஊருக்கு வந்த ஐடி நண்பர் ஒருத்தர், தென்காசியில என் ஆபீஸுக்கு வந்தார். "1 லட்சம் போனஸ் வாங்கினேன், வரி 1,04,000 ஏறிடுச்சு. கணக்கு தப்பா சார்?"

தப்பில்லை. 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறையில அவர் கணக்கைப் பாருங்க.

வரிக்குரிய வருமானம் 50 லட்சம்னா, ஸ்லாப் படி வரி 10,80,000. சர்சார்ஜ் கிடையாது. 4% செஸ் 43,200. மொத்தம் 11,23,200.

51 லட்சம்னா வரி 11,10,000. 50 லட்சத்தைத் தாண்டியதால 10% சர்சார்ஜ், 1,11,000. சேர்த்தா 12,21,000. அதாவது 1 லட்சம் கூடுதல் வருமானத்துக்கு 1,41,000 கூடுதல் வரி! இதைத் தடுக்கத்தான் மார்ஜினல் ரிலீஃப். 41,000 கழிச்சா 11,80,000.

இதுக்கு அப்புறம்தான் செஸ். 11,80,000-ல 4%, 47,200. மொத்தம் 12,27,200. ரிலீஃப் செஸ்ஸைத் தொடாததால, அந்த 4,000 நண்பர் கையை விட்டுப் போச்சு.

ஏன் இந்த வரிசை? நிதிச் சட்டம் செஸ்ஸையே "கூடுதல் சர்சார்ஜ்"னு சொல்லுது. சர்சார்ஜ் சேர்ந்த வரி மேலதான் கணக்கிடணும்னும் சொல்லுது. சுகாதாரம், கல்விக்கான பணம் இது. கட்ட வேண்டிய வரி முடிவான பிறகே அதுல பங்கு எடுக்கிறாங்க.

உங்க வருமானம் 50 லட்சத்துக்குள்ளயா? சர்சார்ஜ் இல்லை. 15 லட்சத்துக்கு வரி 1,05,000, செஸ் 4,200. செஸ்ஸை வருமானத்து மேல போட்டுடாதீங்க. 87A தள்ளுபடி இருந்தா, முதல்ல அதைக் கழிச்சுட்டு செஸ் போடுங்க. ஃபார்ம் 16-லயும் இதே வரிசைதான் இருக்கும், சரிபார்த்துக்கோங்க.