மதியத் தூக்கத்தை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது இரண்டு மாதம். மதியம் 3 மணிக்குப் படுத்தால் 5 மணிக்குத்தான் எழுகிறாள். இரவு 11 மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். காலை 7 மணிக்கு எழுந்துவிடுகிறாள். மதியத் தூக்கத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: உடனே நிறுத்த வேண்டாம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. உங்கள் மகள் தூங்குவது பத்து மணி நேரம்தான். அதில் இரண்டைப் பிடுங்கினால் மாலையில் அழுகையும் அடமும்தான் மிஞ்சும்.

முதலில் நேரத்தை முன்னே தள்ளுங்கள். சாப்பிட்டதும் ஒரு மணிக்குப் படுக்க வைத்து, ஒரு மணி நேரத்தில் திரைச்சீலையை விலக்கி மெதுவாக எழுப்புங்கள். இரவில் படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே கொண்டுவந்து, ஒன்பதில் நிறுத்துங்கள்.

இதற்குப் பிறகும் பெரும்பாலான மதியங்களில் அரை மணி நேரம் புரண்டுவிட்டுத் தூங்காமலே எழுந்து, மாலையிலும் சிரித்து விளையாடினால், தூக்கத்தை விட்டுவிடலாம். ஆனால் அந்த நேரத்தில் படப் புத்தகத்தோடு அமைதியாகப் படுத்திருக்கட்டும். அன்று 7 மணிக்கே இரவுச் சாப்பாடு, 8 மணிக்குப் படுக்கை. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

மாலை ஐந்து மணிக்கு ஸ்கூட்டரிலேயே சொக்கி விழுந்தால் அவள் இன்னும் தயாராகவில்லை. வாரத்தில் சில நாள் மதியம் தூங்கவிடுங்கள். வழக்கமாகக் குறட்டை விட்டால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.