இணக்க உடன்படிக்கையோடு போகும் கடிதம்: இளம் சட்டத்தரணிகளுக்குச் சில அறிவுரைகள்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தொழில் நியாயசபைக்கு நாம் கொண்டுபோகும் வழக்குகளில் பல, விசாரணை முடியுமுன்பே இணக்கத்துக்கு வந்துவிடும். கம்பனித் தரப்பு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ ஆறேழு பக்க உடன்படிக்கை ஒன்றை அனுப்பும். நம் கட்சிக்காரரோ கொழுந்து பறித்தவர், தமிழ் மட்டும் வாசிப்பவர். சிலர் அதையும் வாசிக்கமாட்டார். ஆகவே உடன்படிக்கையின்மேல் நீங்கள் வைக்கும் தமிழ்க் கடிதத்தை நம்பித்தான் அவர் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கடிதத்தை எழுதுவது பற்றித்தான் இது.

1. உடன்படிக்கையின் வரிசையில் எழுதாதீர்கள். அது தரப்பினரின் விலாசத்தில் தொடங்கி, முகவுரை, வரைவிலக்கணம் என்று போய், நாலாம் பக்கத்தில்தான் பணத்துக்கு வரும். கட்சிக்காரருக்குத் தெரியவேண்டியவை நான்கு: காசு எவ்வளவு, எப்போது வரும்? அதற்காக நான் எதை விட்டுக்கொடுக்கிறேன்? யாரிடம் இதைச் சொல்லலாம்? அவர்கள் தராவிட்டால் என்ன நடக்கும்? கடிதம் இந்த வரிசையில் போகட்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் உடன்படிக்கையின் எந்தப் பிரிவில் அது இருக்கிறது என்று இலக்கம் போடுங்கள். நாளைக்கு வேறொரு சட்டத்தரணி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒத்துப்போக வேண்டும்.

2. மொத்தத் தொகையை மட்டும் எழுதுவது கட்சிக்காரரை இருட்டில் விடுவது. சட்டப்படி எப்படியும் கிடைக்கவேண்டிய பணம் எது, இணக்கத்தால் புதிதாகக் கிடைக்கும் பணம் எது என்று பிரித்துக் காட்டுங்கள்.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 24 வருடம் பூர்த்தியாக வேலை செய்த பெண் தொழிலாளி ஒருவர். 2024 செப்டெம்பர் வர்த்தமானிக்குப் பிறகு வேலைநீக்கப்பட்டார். நாட்சம்பளம் 1,350 ரூபா. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 14ஐ 1,350ஆல் பெருக்கினால் 18,900. அதை 24ஆல் பெருக்கினால் 453,600 ரூபா. நம்மவர்கள் சேவைக்காலப் பணம் என்று சொல்வது இதைத்தான். வேலை முடிந்து 30 நாளுக்குள் இது கொடுபட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 10 வீதத்தில் தொடங்கும். ஒரு வருடத்தைத் தாண்டினால் 30 வீதம்.

இப்போது கம்பனி, “எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஆறு இலட்சம்” என்கிறது. கேட்க நல்ல தொகைதான். ஆனால் பணிக்கொடை கொடுபடாமல் ஒரு வருடம் கடந்துவிட்டது என்று வையுங்கள். 453,600இன் 30 வீதம் 136,080. இரண்டையும் கூட்டினால் 589,680. அநியாயமாக வேலையை விட்டு நிறுத்தியதற்கு நட்டஈடாக அந்தப் பெண்ணுக்கு உண்மையில் கிடைப்பது 10,320 ரூபா மட்டும்! கடிதத்தில் இந்த மூன்று எண்ணும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். வழக்கு இழுபடும், சாட்சி பலவீனம், வீட்டில் கஷ்டம் என்று அவர் அதற்கும் சம்மதிக்கலாம். அது அவருடைய முடிவு. தெரியாமல் சம்மதித்தால் அது நம்முடைய பிழை.

இன்னொரு விஷயத்தையும் பாருங்கள். மோசடி, கையாடல், வேண்டுமென்று சொத்துக்குச் சேதம் போன்ற காரணத்துக்காக வேலைநீக்கம் என்றால், அந்த நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையைப் பிடித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. குற்றப்பத்திரத்தில் அப்படிக் குற்றச்சாட்டு இருந்தால், மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தாது என்று கடிதத்தில் எழுதுங்கள்.

3. “14 நாளுக்குள்” என்று எழுதாதீர்கள். எந்த நாளிலிருந்து பதினான்கு என்பதில்தான் சண்டை வரும். திகதியையே எழுதுங்கள். பணம் எந்தப் பெயருக்கு வருகிறது என்பதையும் சரிபாருங்கள். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயர் முன்னுக்குப் பின்னாக என்பது மலையகத்தில் சாதாரணம். செக்ரோல் பெயருக்கு எழுதிய காசோலையை வங்கி திருப்பி அனுப்பினால், கம்பனி தன் கடமையைச் செய்துவிட்டதாக வாதாடும். அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் உடன்படிக்கையிலேயே இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கையெழுத்திடுபவர் யார் என்றும் பாருங்கள். தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்டால் போதாது. கடன்காரர் கம்பனி, அதன் சார்பில் கையெழுத்திட அதிகாரம் கொடுத்த பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள்.

4. விடுவிப்புப் பிரிவில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். “எல்லா விதமான உரிமைக் கோரிக்கைகளிலிருந்தும், முழுமையாகவும் இறுதியாகவும்” என்று அதில் இருக்கும். கட்சிக்காரர் வேலைநீக்க வழக்கைத்தான் விடுகிறோம் என்று நினைப்பார். அந்த வரியோ அவர் நினைக்காததையும் வாரிக்கொண்டு போகும். எவை அதற்குள் வராது என்று உடன்படிக்கையில் எழுதவைத்து, கடிதத்திலும் சொல்லுங்கள்.

முதலாவது ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும். சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழும் மற்றது 1980ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழும் அவர் பெயரில் இருக்கும் பணம்; கம்பனி தரும் கொடை அல்ல. சில மாதங்களுக்குக் கட்டாமல் விட்டிருந்தால் அந்த நிலுவையையும் தனியாக எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது, வேலையில் பட்ட காயத்துக்கான நட்டஈடு இன்னும் தீராமல் இருந்தால் அது. மூன்றாவது வீடு. லயத்து அறை அந்தப் பெண்ணின் வேலையோடு வந்ததாக இருக்கலாம். கணவரோ மகனோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்திருக்கலாம். 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புகள் பற்றிய சட்டம், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற விடாது. அந்தப் பாதுகாப்பை, “இத்திகதிக்குள் அறையை ஒப்படைப்பேன்” என்ற ஒரு வரி, ஒருவரும் கவனிக்காமல் தின்றுவிடலாம். அப்படி வரி இருந்தால் கடிதத்தின் முதற் பக்கத்திலேயே எழுதுங்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

விடுவிப்பு எப்போது பலிக்கும் என்பதும் முக்கியம். கையெழுத்திட்ட நாளிலேயே பலிப்பதாக வரைவு வரும். கடைசித் தவணை வங்கியில் சேர்ந்த பிறகுதான் என்று மாற்றுங்கள். விடுவிப்பு இரு பக்கமும் போகிறதா என்றும் பாருங்கள். தீபாவளி முற்பணம், தோட்டத்துக் கடன் பாக்கி என்று கம்பனி பின்னால் பிடித்துக்கொண்டால், நீங்கள் கடிதத்தில் எழுதிய தொகை பொய்யாகிவிடும். பொலிஸில் முறைப்பாடு இருந்தால், அது உடன்படிக்கையால் தானாக மறையாது. நீதிமன்றத்தில் என்ன நடக்கவேண்டும் என்பதைத் தனியாக விளக்குங்கள்.

5. இரகசியக் காப்பு. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் பேசுவது இந்தச் சுவருக்குக் கேட்கும். அங்கே “யாருக்கும் சொல்லக்கூடாது” என்ற பிரிவை எழுதியவர் கொழும்பில் உட்கார்ந்து எழுதினார் என்பது புரியும். ஆனாலும் அது கட்டுப்படுத்தும். யாருக்குச் சொல்லலாம் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்: கணவர் அல்லது மனைவி, தொழிற்சங்கப் பிரதிநிதி, சட்டத்தரணி, வங்கி, தொழில் திணைக்களம், வரித் திணைக்களம், நீதிமன்றம் கேட்டால் நீதிமன்றம். பக்கத்துக் குடும்பத்தின் வழக்கில் சாட்சி சொல்ல அழைத்தால் உண்மை சொல்வதை அந்தப் பிரிவு தடுக்கக்கூடாது. தோட்டத் தலைவர், “எவ்வளவு கிடைச்சுது?” என்று கேட்டால் என்ன சொல்வது என்பதையும் ஒரு வாக்கியமாக எழுதிக் கொடுங்கள்: “பிரச்சினை தீர்ந்தது, அதற்குமேல் சொல்ல முடியாது.” கம்பனிகள் சிலவேளை, இரகசியம் மீறப்பட்டால் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கும். அதை ஏற்காதீர்கள். மறுக்கமுடியாத நிலை என்றால், பணிக்கொடைக்கு அது பொருந்தாது என்றாவது எழுதவையுங்கள்.

6. தவணை தவறினால் என்ன? பலர் இதற்கு ஒரே வரி எழுதி விடுவார்கள். எப்போது தவறியதாகக் கருதப்படும், யார் யாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், எத்தனை நாள் அவகாசம், பிறகு மீதித் தொகை முழுவதும் ஒரேயடியாகச் செலுத்தவேண்டியதாகுமா, வட்டி உண்டா என்று ஒழுங்காக எழுதுங்கள். மேலே சொன்ன பெண்ணுக்குப் பேசித் தீர்த்து, பணிக்கொடை உடனடியாகவும் அதற்குமேல் நான்கு இலட்சம் நான்கு சம தவணையிலும் என்று முடிந்தால், இரண்டாவது தவணை வராதபோது மிச்சம் மூன்று இலட்சமும் உடனே வரவேண்டும் என்பதே அவர் கேட்கும் பதில்.

ஆனால் அந்தப் பதிலுக்குப் பலம் எங்கிருந்து வருகிறது? உடன்படிக்கை வெறும் தனிப்பட்ட பத்திரமாக இருந்தால், பணம் வராதபோது மாவட்ட நீதிமன்றத்தில் புதிதாக வழக்குப் போடவேண்டும். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் வரை காலம் இருந்தாலும், வழக்குச் செலவு அவருக்குத் தாங்காது. அதையே நியாயசபையில் பதிந்து கட்டளையாக்கினால், அதை மீறுவது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் குற்றமாகும். தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். எனவே கையெழுத்தன்றே விண்ணப்பத்தை வாபஸ் வாங்கும் வரி வரைவில் இருந்தால் அதில் நின்று வாதாடுங்கள். நம் பக்கத் தவறுகளையும் கடிதத்தில் மறைக்காதீர்கள். கட்சிக்காரர் செய்யவேண்டியது ஏதாவது இருந்தால் அதற்கும் திகதி போடுங்கள்.

7. கடிதம் இரண்டு பக்கத்துக்குமேல் போனால் திரும்பவும் வெட்டுங்கள். “உங்களுக்கு இது நல்ல தீர்வு” என்று எழுதாதீர்கள். வழக்கை நடத்தினால் எந்த அளவு கிடைக்கலாம், எவ்வளவு காலம் எடுக்கலாம் என்று எழுதி, முடிவை அவரிடம் விடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு நீங்களே, அவர் நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்க, மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். பிறகு, “இப்போ காசு எப்ப வரும், எதை விட்டுட்டோம்?” என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் வேறொன்று சொன்னால் கடிதத்தைத் திருத்துங்கள். வாசித்த திகதியையும் அருகில் இருந்தவர் பெயரையும் கோவையில் எழுதி, கைநாட்டோ கையெழுத்தோ பெற்று, ஒரு பிரதியை அவரிடமும் கொடுங்கள். தவணைத் திகதிகளை உங்கள் நாட்குறிப்பில் உடனே எழுதிக்கொள்ளுங்கள். அவை வரும் மாதங்களில் அவர் உங்களைக் கூப்பிடமாட்டார், நீங்கள்தான் வங்கிக்குப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்கவேண்டும்.