மிளகாய்க் களத்துப் படம்

நரிக்குடி

அன்புள்ள மருமகனுக்கு,

பக்கத்து வீட்டு அப்பத்தாவின் பதினாறாம் நாள் பிளக்ஸுக்காக மூன்று படங்களும் ஒரு வாசகமும் அனுப்பியிருந்தாய். இதில் எந்தப் படத்தை வேண்டுமானாலும் போடுங்கள் மாமா என்றும் எழுதியிருந்தாய். அப்படிப் போட முடியாதப்பா.

வாசகத்தை ஒரு தடவை வாய்விட்டுப் படி. "எங்களைக் கண்ணீரில் ஆழ்த்திவிட்டு எங்கே போனாய் அப்பத்தா?" பேரப்பிள்ளைகள் அவரையே கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அப்படியானால் படத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்தாக வேண்டும். முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தால், காதில் வாங்காதவரிடம் பேசியதுபோல் ஆகிவிடும். "இறைவனடி சேர்ந்தார்" என்று ஊருக்குச் சொல்லும் வாசகத்துக்கு அந்தக் கட்டாயமில்லை. பஸ்ஸில் போகிறவருக்கு ஆள் அடையாளம் தெரிந்தால் போதும்.

நம் திருச்சுழியில் பிறந்த ரமணரின் படம் எத்தனை வீடுகளில் மாட்டியிருக்கிறது, பார்த்திருப்பாய். 1946-இல் வெல்லிங் என்ற புகைப்படக்காரர் எடுத்தது. அந்தப் பார்வை நேராக நம் மேல் விழுவதால்தான், முன்னால் நிற்கிறவர் அவரிடம் பேசத் தொடங்கிவிடுகிறார்.

இனி உன் படங்களுக்கு வருவோம். ஆதார் படத்தில் நேராகத்தான் பார்க்கிறார், ஆனால் மிரண்டுபோய்ப் பார்க்கிறார். பேரப்பிள்ளைகள் அறிந்த முகம் அதுவல்ல. கல்யாண வீட்டுக் கும்பல் படம் ஆகவே ஆகாது. ரோட்டோரப் பிளக்ஸுக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி வைத்தாலும், ஓர் அடி உயர முகத்துக்கு 864 பிக்சல் வேண்டும். அந்தக் கும்பலில் அவர் முகம் 120 பிக்சல்கூடத் தேறாது. இழுத்துப் பெரிதாக்கினால் கண்ணும் மூக்கும் கலங்கிவிடும். வெட்டி எடுத்தால் தோளில் யாரோ ஒருவர் கை மட்டும் மிச்சம் நிற்கும்.

மிளகாய்க் களத்தில் சும்மாட்டோடு நின்று சிரிக்கிறாரே, அதுதான் படம். கண் நேராக இருக்கிறது, முகமும் பெரிதாக இருக்கிறது. சிக்கல் வாசகத்தில். வாய்விட்டுச் சிரிக்கிறவர் தலைக்குமேல் "கண்ணீரில் ஆழ்த்திவிட்டு" என்று போட்டால், நம் அழுகையைப் பார்த்து அவர் சிரிப்பதுபோல் தெரியும். பல கடைகளில் இந்த இடத்தில் படத்தை மாற்றச் சொல்வார்கள். நான் வாசகத்தை மாற்றுவேன். "களத்தில் மிளகாய் காயுது அப்பத்தா, பார்த்துக்க ஆளில்லை." இதற்கு அந்தச் சிரிப்பு இடிக்காது. கீழே தோற்றம், மறைவு, குடும்பத்தார் பெயர்கள் வழக்கம்போல் இருக்கட்டும்.

அந்த வீட்டில் சிலர் சும்மாட்டை அழித்துவிட்டுப் பட்டுச்சேலை ஒட்டச் சொல்வார்கள், சுருக்கத்தைத் தேய்க்கச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதே. அந்த முகத்துக்காக எழுதிய வாசகம் வேறு முகத்தில் ஒட்டாது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடுகிறது. எடுத்தவரின் போனிலிருந்தே டாக்குமெண்டாக அனுப்பச் சொல். புதிய வாசகத்தை அப்பத்தாவின் மகள்களிடம் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகு எனக்கு போன் பண்ணு.

அன்புடன்,
மாமா