வாய்ப் புண்ணும் உள்ளங்கைக் கொப்புளமும்

ஓரிரு நாள் லேசான ஜுரத்தில் சோர்ந்து கிடந்த ஒன்றரை வயதுக் குழந்தை, பசியிருந்தும் வாயருகே வந்த சோற்றை அலறித் தள்ளிவிட்டு, எச்சில் வடிய அழுமானால், அதை வெளிச்சத்தில் மடிமீது சாய்த்து, அழுகையில் திறக்கும் வாய்க்குள் முதலில் பார்க்க வேண்டும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் சிவந்த விளிம்புடைய சிறு புண்கள் தெரிந்தால், அடுத்து உள்ளங்கை, உள்ளங்கால், பிருஷ்டபாகம் ஆகியவற்றைக் கவனித்து, அங்கே சிவந்த புள்ளிகளோ சாம்பல் நிறம் கலந்த கொப்புளங்களோ இருக்கக் கண்டால், அது பெரும்பாலும் கை, கால், வாய் நோய்தான் என்று கொள்ளலாம். 2022-இல் கேரளத்தின் கொல்லம் ஜில்லாவில் குழந்தைகளிடையே பரவி, பத்திரிகைகளில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பேசப்பட்டதும் இந்நோயை உண்டாக்கும் வைரஸ் இனத்தின் காரியமே.

இதை அம்மை என்று எண்ணி, குளிப்பாட்டாமலும் மருந்து தொடாமலும் குழந்தையை வைத்திருப்போர் நம்மிடையே உண்டு. சின்னம்மையோ பிரதானமாக மார்பு, முதுகு, முகம் ஆகிய இடங்களில் அரிப்போடு தோன்றுவது. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தேடிப் பிடிப்பது இந்த நோயின் சுபாவம். மாடுகளுக்கு வரும் கோமாரிக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

வைரஸ் நோயாதலால் ஆன்டிபயாடிக் மருந்துகளால் பிரயோஜனமில்லை. ஏழு முதல் பத்து நாட்களில் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். அதற்குள் நேரக்கூடிய சாதாரணமான ஆபத்து, வலிக்குப் பயந்து குழந்தை குடிக்க மறுப்பதால் உடலில் நீர் வற்றிப்போவதுதான். ஆகையால் முதலில் வலியைத் தணித்து, அரை மணி கழித்துக் குடிக்கக் கொடுப்பதே முறை. பாரசிட்டமால் அளவு எடைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். அதாவது பத்துக் கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். புட்டியில் ‘5 மில்லியில் 250 மில்லிகிராம்’ என்றிருந்தால் 3 மில்லியும், ‘5 மில்லியில் 120’ என்றிருந்தால் ஏறக்குறைய 6 மில்லியும் ஆகும். ஒரே மருந்து இருவேறு செறிவில் விற்கப்படுவதால், புட்டியைப் படிக்காமல் அளப்பது பெருந்தவறு. ஆறு மணிக்கொருமுறை, நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

பிறகு குளிர்ந்த நீர்மோர், ஆறிய கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றில் குழந்தை ஏற்பதை, உறிஞ்சும் புட்டியை ஒதுக்கிவிட்டு, சங்கிலோ கரண்டியிலோ இரண்டு மூன்று நிமிஷத்துக்கொருமுறை 5 மில்லியாகப் புகட்ட வேண்டும். பொறுமையோடு செய்தால் மணிக்கு நூறு மில்லி உள்ளே போய்விடும். காரமும் சூடும் எலுமிச்சை, ஆரஞ்சு முதலிய புளிப்பும் புண்ணை எரிக்கும். கொப்புளங்களைக் குத்தி உடைக்காமல், வெதுவெதுப்பான நீரில் வழக்கம்போல் குளிப்பாட்டலாம்.

எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதிருத்தல், கண்ணீரின்றி அழுதல், மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் ஜுரம், ஓயாத வாந்தி, எழுப்ப முடியாத மயக்கம், மூச்சு வாங்குதல் இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூக்கத்தில் குழந்தை அடிக்கடி திடுக்கிட்டுக் கைகால்களை உதறுவதும், நடக்கையில் தள்ளாடுவதும் மூளையைத் தொட்டுவிட்டதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். என்டரோவைரஸ் 71 என்னும் வகை 1998-இல் தைவானில் பல குழந்தைகளைப் பலிகொண்டது இவ்விதமே. அந்த அறிகுறிகள் கண்டபின் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை.

நோய் பரவும் வழியை அறிந்தால், வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளைக் காப்பது எளிதாகும். எச்சில், மூக்குச்சளி, கொப்புள நீர் ஆகியவற்றிலே கிருமி உண்டு. ஆனால் மக்கள் மறந்துவிடும் வழி மலமே. புண்கள் ஆறி, குழந்தை விளையாடத் தொடங்கிய பின்னும், வாரக்கணக்கில் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். ஆதலால் மலத்துணி மாற்றியபின் இருபது விநாடி சோப்பு நுரையில் கை கழுவும் வழக்கத்தை, கொப்புளம் மறைந்ததும் விட்டுவிடாமல், மேலும் ஒரு மாதமேனும் தொடர வேண்டும். கொழுப்பாலான மேலுறை இக்கிருமிக்கு இல்லாததால், சாராயம் கலந்த கைத்திரவத்தை மட்டும் நம்புதல் தகாது. வாயில் வைக்கும் பொம்மைகளைச் சோப்பில் கழுவி, ஒரு லிட்டர் நீரில் ஐந்து சதவீத பிளீச் 20 மில்லி கலந்த கரைசலில் பத்து நிமிஷம் மூழ்கவிட்டு, நல்ல நீரில் அலசிக் காயவைக்கலாம். கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். டம்ளர், கரண்டி, துவாலை ஆகியவை நோயுற்ற குழந்தைக்குத் தனியாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு அறிகுறியின்றியே தொற்று இருக்கலாமாதலால், கை கழுவும் கடமை தாத்தா பாட்டிக்கும் உண்டு.

ஜுரம் விட்டு, எச்சில் வடிதல் நின்று, கொப்புளங்கள் உலர்ந்தபின் குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்பலாம். மலத்தில் கிருமி தீரும்வரை வீட்டிலேயே நிறுத்துவது சாத்தியமன்று, ஆகவே அங்குள்ள ஆயாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவதே நேர்மை. வேறு வகைக் கிருமியால் இந்நோய் மறுபடி வரவும் கூடும். ஓரிரு மாதம் கழித்து விரல் நகங்கள் கழன்று விழுந்தால் பயப்பட வேண்டாம். அது இந்நோயின் பின்விளைவே, வலியிராது, புது நகம் தானாக வளர்ந்துவிடும்.