பழைய சோற்றில் பி12 தேடாதீர்கள்

"டாக்டர், பழைய சோத்துல பி12 நிறைய இருக்காமே?" வாட்ஸ்அப் புண்ணியத்தில் இந்தக் கேள்வி என் அறைக்கு வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களில் பலர் கால் மரத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

எந்தச் செடிகொடியும் பி12-ஐ உருவாக்குவதில்லை. சில நுண்ணுயிரிகளால் மட்டுமே அது முடியும். சோற்றைப் புளிக்கவைப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வகை அல்ல. பழைய சோற்றைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், சின்ன வெங்காயமும் கடித்துக்கொள்ளுங்கள். நரம்புக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். சுருள்பாசியில் இருப்பதும் பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத போலி பி12தான்.

"நாங்க பால் சாப்பிடுறோமே" என்பார்கள். எவ்வளவு? அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, பிறந்ததிலிருந்து சைவம். இரண்டு வேளை காபி, மத்தியானம் நீர்மோர். எல்லாம் சேர்த்தால் நாளுக்கு 150 மில்லி பால் தேறும். அதில் கிடைப்பது சுமார் 0.6 மைக்ரோகிராம். தேவையோ 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். கல்லீரல் இருப்பைக் கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டிவிடலாம் என்பதால் வெளியே தெரியவில்லை. பிறகு இரண்டு பாதத்திலும் எறும்பு ஊர்ந்தது. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு சாய்ந்தது.

கால் எங்கே இருக்கிறது என்ற செய்தியைத் தண்டுவடத்தின் பின்பகுதி நரம்பிழைகள்தான் மூளைக்குக் கொண்டுபோகின்றன. பி12 குறைந்தால் அவற்றின் உறை சிதைகிறது. கண் திறந்திருக்கும்வரை பார்வை சமாளிக்கும், மூடினால் தள்ளாட்டம். இதை "வயசாச்சு" என்று ஒதுக்கியிருந்தார்கள்.

அந்த அம்மாவின் ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தது. வீட்டில் அதைக் காட்டித்தான் வாதாடினார்கள். ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரையை அவர் விழுங்கிவந்திருக்கிறார். அது ரத்தசோகையை மறைத்துவிடும், தண்டுவடத்தைக் காக்காது. ரத்தத்தில் பி12 பார்த்தோம்: 110 பிகோகிராம். 200-க்குக் கீழே போனாலே குறைபாடு. 200-லிருந்து 300 வரை வந்து அறிகுறியும் இருந்தால், மெத்தில்மலோனிக் அமிலம் பார்க்க வேண்டும்.

முட்டை சாப்பிட்டால்தான் தீருமா? வேண்டாம், ஊசியில் இருப்பதும் நுண்ணுயிரியில் தயாரித்ததுதான். அவருக்கு 1,000 மைக்ரோகிராம் ஊசி, முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு இடைவெளி விட்டு. ஆறு மாதத்தில் எறும்பு ஊர்வது அடங்கியது. இருட்டில் இன்னும் கைத்தடி வேண்டும். தாமதமாக வந்தால் முழுதாகத் திரும்புவதில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் எடுப்பவர்களுக்கு, அசைவமானாலும் இந்தப் பரிசோதனை அவசியம்.

என் சக மருத்துவர்களுக்கு ஒன்று. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பில் வையுங்கள். அதிர்வு தெரியவில்லை என்றால் பி12 நினைவுக்கு வரட்டும். எத்தனை கிளினிக்கில் அந்தக் கவை இருக்கிறது? ஒரு எம்.ஆர்.ஐ. செலவில் பல வாங்கலாமே.