கோடில்லாத அட்டவணையைக் கணினி படிப்பது எப்படி?

வங்கிகள் மின்னஞ்சலில் அனுப்பும் மாதக் கணக்கு அறிக்கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேதி, விவரம், பற்று, வரவு, இருப்பு என்று அதில் ஐந்து நெடுவரிசைகள் இருக்கும். ஆனால், அவற்றைப் பிரித்துக் காட்டும் கோடுகள் பல அறிக்கைகளில் இருப்பதில்லை. இருந்தாலும் எந்தத் தொகை எந்த நெடுவரிசையைச் சேர்ந்தது என்பது உங்கள் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அதே பக்கத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். (விவரப் பகுதியை இங்கே விட்டுவிட்டோம்.)

```
03/06 120.00 1,880.00
05/06 1,500.00 3,380.00
06/06 45.50 3,334.50
```

ஒவ்வொரு வரியிலும் இரண்டே தொகைகள்தாம் உள்ளன. இரண்டாவது தொகை இருப்பு. முதல் தொகை கணக்கிலிருந்து போனதா, கணக்கில் சேர்ந்ததா? பற்று, வரவு ஆகிய இரண்டில் ஒன்று எப்போதும் காலியாக இருக்கும். நகலெடுக்கும்போது அந்தக் காலியிடம் மறைந்துவிட்டது. அதோடு, தொகையின் பொருளும் மறைந்துவிட்டது.

பிடிஎஃப் கோப்பின் அமைப்பே இதற்குக் காரணம். பெரும்பாலான அறிக்கைகளில் ‘அட்டவணை’ என்ற தகவல் கோப்புக்குள் இருப்பதே இல்லை. இந்த எழுத்தை இந்த இடத்தில் வரை என்ற கட்டளைகள் மட்டுமே இருக்கும். இடத்தை அளக்கும் அலகின் பெயர் பாயிண்ட். ஓர் அங்குலத்திற்கு 72 பாயிண்ட். ஏ4 தாளின் அகலம் ஏறக்குறைய 595 பாயிண்ட், உயரம் 842 பாயிண்ட். ஆகவே, நெடுவரிசையைக் கண்டுபிடிக்க நமக்குக் கிடைக்கும் ஒரே தடயம், ஒவ்வொரு சொல்லும் நிற்கும் இடம்தான்.

அந்த இடத்தை எப்படி அறிவது? பைத்தான் மொழியில் `pdfplumber` என்ற இலவச நிரல் தொகுப்பு உள்ளது. கீழ்க்காணும் நான்கு வரிகள் போதும்.

```python
import pdfplumber
page = pdfplumber.open("june.pdf").pages[0]
for w in page.extract_words():
    print(w["text"], w["x0"], w["x1"], w["top"])
```

இங்கே `x0` என்பது சொல்லின் இடது விளிம்பு. `x1` என்பது வலது விளிம்பு. இரண்டும் தாளின் இடது ஓரத்திலிருந்து அளக்கப்படுகின்றன. `top` என்பது தாளின் மேல் ஓரத்திலிருந்து அந்தச் சொல் எவ்வளவு கீழே உள்ளது என்பதைக் காட்டும். `top` மதிப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் சொற்களைச் சேர்த்தால் ஒரு வரி கிடைத்துவிடும்.

இனி, நம் எடுத்துக்காட்டு அறிக்கையில் உள்ள தொகைகளின் இடங்களைப் பாருங்கள்.

```
text        x0      x1
120.00      352.5   380
1,880.00    505     540
1,500.00    425     460
3,380.00    505     540
45.50       357.5   380
3,334.50    505     540
```

முதலில் `x0` மதிப்புகளைக் கவனியுங்கள். 120.00 என்பது 352.5-இல் தொடங்குகிறது, 45.50 என்பது 357.5-இல் தொடங்குகிறது. இரண்டும் வெவ்வேறு நெடுவரிசைகள் என்று தோன்றும். இப்போது `x1` மதிப்புகளைப் பாருங்கள். இரண்டும் சரியாக 380-இல் முடிகின்றன. அவை ஒரே நெடுவரிசையைச் சேர்ந்தவை.

இது தற்செயல் அன்று. நாம் கணக்குப் போடும்போது ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து வருமாறு எண்களை எழுதுகிறோம் அல்லவா? அறிக்கையும் அப்படித்தான் தொகைகளை வலப்பக்கம் ஒட்டி அடுக்குகிறது. தொகை பெரிதானால் அதன் இடது விளிம்பு நகரும். வலது விளிம்பு நகராது. தேதிக்கும் விவரத்திற்கும் நேர்மாறு. அவை இடப்பக்கம் ஒட்டி நிற்பதால், அவற்றுக்கு `x0` மதிப்பைப் பார்க்க வேண்டும்.

ஆக, செய்ய வேண்டியது இதுதான். இரண்டு தசம இலக்கங்களோடு முடியும் எல்லாத் தொகைகளின் `x1` மதிப்பையும் திரட்டுங்கள். எந்த மதிப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று எண்ணுங்கள். நம் அறிக்கையில் 380, 460, 540 ஆகிய மூன்று இடங்களில் அவை குவிகின்றன. தலைப்பு வரியோடு ஒப்பிட்டால் அவை முறையே பற்று, வரவு, இருப்பு என்று புரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு தொகையையும், 2 பாயிண்ட் வரை விலக்கம் அனுமதித்து, அதற்குரிய நெடுவரிசையில் போடுங்கள். விவரப் பகுதியில் ஏதேனும் ஒரு தொகை எழுதப்பட்டிருந்தாலும் அதன் வலது விளிம்பு பொதுவாக இந்த மூன்று இடங்களுக்கும் வெளியே இருக்கும். அதனால், அது தானாகவே விலகிவிடும்.

விவரம் நீளமாக இருந்தால் அடுத்த வரிக்கு வழியும். அதைப் புதிய பரிவர்த்தனை என்று எண்ணிவிடக்கூடாது. தேதி இருக்க வேண்டிய இடமும் தொகைகள் இருக்க வேண்டிய இடங்களும் காலியாக இருந்தால், அந்த வரியை மேல்வரியின் விவரத்தோடு சேர்த்துவிடுங்கள்.

நாம் பிரித்தது சரிதானா என்று எப்படி உறுதி செய்வது? அறிக்கையே அதற்கு வழி வைத்திருக்கிறது. முந்தைய இருப்பில் பற்றைக் கழித்து, வரவைக் கூட்டினால், புதிய இருப்பு வர வேண்டும். ஜூன் மாதத் தொடக்க இருப்பு 2,000.00 ரிங்கிட் என்று கொள்வோம். 120.00 பற்று என்றால் 1,880.00 வருகிறது; அச்சிட்ட இருப்பும் அதுவே. அதைத் தவறுதலாக வரவில் போட்டிருந்தால் 2,120.00 வந்திருக்கும். வேறுபாடு 240.00, அதாவது தொகையைப் போல இரண்டு மடங்கு. இந்த இரண்டு மடங்கு, தொகை பக்கம் மாறி விழுந்ததற்கான அடையாளம். ஒரு வரியையே தவறவிட்டிருந்தால், வேறுபாடு விடுபட்ட தொகைக்குச் சமமாக, ஒரு மடங்காக இருக்கும். தவறு நடந்தது மட்டுமன்றி, எந்த வகைத் தவறு என்பதும் இதனால் தெரிகிறது. சில அறிக்கைகள் ஒவ்வொரு நாளின் கடைசி வரியில் மட்டுமே இருப்பை அச்சிடும். அப்போது அன்றைய வரிகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சரிபார்க்க முடியும்.

இம்முறை தடுமாறும் இடங்களும் உண்டு. சில அறிக்கைகள் தொகைக்குப் பின்னால் கழித்தல் குறியைச் சேர்த்து 120.00- என்று எழுதும். அக்குறி வலது விளிம்பை மாற்றிவிடும். அப்போது வலது விளிம்புக்குப் பதிலாகத் தசமப் புள்ளி நிற்கும் இடத்தை ஒப்பிட வேண்டும். ஒரு மாதம் முழுவதும் வரவே இல்லையென்றால், 460-இல் எந்தக் குவியலும் தோன்றாது. அப்போது தலைப்புச் சொல்லின் இடத்தைத்தான் நம்ப வேண்டும்.

மிகப் பெரிய சிக்கல் ஸ்கேன் செய்த தாளில் வரும். அதில் எழுத்துகளே இல்லை; படம் மட்டுமே இருக்கிறது. முதலில் எழுத்துணர் மென்பொருள் அவற்றைப் படித்துக் கொடுக்க வேண்டும். தாள் ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தாலும், மேலிருந்து கீழே வருவதற்குள் விளிம்பு ஏறக்குறைய 15 பாயிண்ட் நகர்ந்துவிடும். நாம் அனுமதித்த விலக்கமோ 2 பாயிண்ட்தான். ஆகவே, படத்தை நேராக்கிய பிறகே அளக்கத் தொடங்க வேண்டும்.

சிந்தித்துப் பாருங்கள்: ஒரு வரியில் உள்ள தொகை 80.00. நிரல் கணக்கிட்ட இருப்பு, அச்சிட்ட இருப்பைவிட 160.00 அதிகமாக இருக்கிறது. அந்த 80.00 எந்த நெடுவரிசையில் இருந்திருக்க வேண்டும்? அதன் `x1` மதிப்பு எந்த எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும்?