ஒரே இடுப்பு, ஒரே உயரம்... தம்பிக்குப் பொருந்தும் பேன்ட் எனக்கு ஏன் இறங்குகிறது?

கேள்வி: என் இடுப்பு 34, உயரம் 5 அடி 7 அங்குலம். என் தம்பிக்கும் அதே அளவுதான். இருவரும் ஒரே கடையில் ஒரே மாதிரி பேன்ட் எடுத்தோம். அவனுக்குக் கச்சிதமாக இருக்கிறது. எனக்கோ பைக்கில் உட்கார்ந்தாலே பின்பக்கம் இறங்கி, சட்டை வெளியே வந்துவிடுகிறது. 36 எடுத்துப் பார்த்தேன். இடுப்பில் தொளதொளவென்று இருக்கிறது, இறங்குவதும் நிற்கவில்லை. என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: நீங்கள் பார்க்க வேண்டியது பேன்ட்டின் ‘ரைஸ்’. கால்களுக்கு நடுவே நான்கு தையல்களும் கூடுகிற இடத்திலிருந்து இடுப்புப் பட்டியின் மேல்விளிம்பு வரை உள்ள நீளம் இது. ஜிப் பக்கம் அளந்தால் முன் ரைஸ், பின்புற நடுத்தையல் வழியே அளந்தால் பின் ரைஸ். உட்காரும்போது துணி புட்டத்தைச் சுற்றி வர வேண்டும் என்பதால் பின் ரைஸ் எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

நடுத்தர அளவு ஆண்கள் பேன்ட்டில் முன் ரைஸ் 9 அங்குலமோ அதற்குக் கீழோ இருந்தால் லோ ரைஸ். அது இடுப்பெலும்பில் தொங்கி நிற்கும். 10 அங்குலத்தை ஒட்டி இருந்தால் மிட் ரைஸ், தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்கும். 11-க்கு மேல் போனால் ஹை ரைஸ், தொப்புள் வரை வரும். இந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் லேபிளில் போட்டிருப்பதை நம்பாமல் டேப்பை வைத்துப் பாருங்கள்.

தம்பியும் நீங்களும் ஒரே பெஞ்சில் நிமிர்ந்து உட்காருங்கள். நின்றால் சமமாக இருக்கும் நீங்கள், உட்கார்ந்ததும் அவரைவிட உயரமாகத் தெரிந்தால் உங்களுக்கு மேலுடல் நீளம், கால் குட்டை. ஆனால் அந்த நீளம் மார்புப் பகுதியில் இருக்கிறதா, இடுப்புக்குக் கீழே இருக்கிறதா என்று பெஞ்ச் சொல்லாது. அதற்கு இன்னொரு அளவு எடுக்க வேண்டும்.

பேன்ட் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அங்கே ஒரு எலாஸ்டிக்கைக் கட்டுங்கள். தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே என்று வைத்துக்கொள்வோம். முன்பக்க எலாஸ்டிக்கில் டேப்பைப் பிடித்து, கால்களுக்கு நடுவே கொண்டுபோய், பின்பக்க எலாஸ்டிக் வரை இழுத்துப் பிடிக்காமல் அளங்கள். வாங்கப்போகும் பேன்ட்டின் முன் ரைஸ், பின் ரைஸ் இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ இந்த அளவு வர வேண்டும்.

உதாரணத்துக்கு உங்களுக்கு 26 அங்குலமும் தம்பிக்கு 24-ம் வருகிறது என்று வைப்போம். நீங்கள் எடுத்த லோ ரைஸ் பேன்ட்டில் முன்னால் 9, பின்னால் 13½, ஆக 22½. தம்பிக்கு ஒன்றரை அங்குலம்தான் குறைவு. முன்னும் பின்னும் முக்கால் முக்கால் அங்குலம் கீழே நிற்கும், அவருக்கு அது தெரியாது. உங்களுக்கு மூன்றரை அங்குலம் பற்றாக்குறை. குனிந்தாலோ பைக்கில் ஏறினாலோ அந்தத் துணியைப் பின்பக்கத்திலிருந்துதான் உடல் இழுத்துக்கொள்ளும். அதுதான் இறங்குகிறது.

36 எடுத்தும் ஏன் சரியாகவில்லை? அளவு ஒன்று கூடும்போது இடுப்புச் சுற்றளவுதான் 2 அங்குலம் ஏறும். ரைஸ் கால் அங்குலம் போல ஏறினாலே அதிகம். ஆகவே இடுப்பு தளர்ந்தது, பற்றாக்குறை அப்படியே நின்றது.

உங்களுக்கு ஏற்றது, முன்னால் 10½, பின்னால் 15 அளவுள்ள மிட் ரைஸ். கூட்டினால் 25½. எடுக்கும் முன் இடுப்பை மீண்டும் அளந்துகொள்ளுங்கள். பட்டி மேலே ஏறி நிற்கும் இடத்தில் உங்கள் சுற்றளவு 33 ஆகவோ, தொப்பை இருந்தால் 35 ஆகவோ இருக்கலாம். பேன்ட் மேலே நிற்பதால் கால் நீளமாகத் தெரிவது கூடுதல் லாபம். கீழ்ப்பகுதி குட்டையான தம்பி அதே பேன்ட்டைப் போட்டால் பட்டி மேலேறி வயிற்றை அழுத்தும், அல்லது தொடைகளுக்கு நடுவே துணி தொங்கும். அவர் லோ ரைஸிலேயே இருக்கட்டும்.

டிரையல் ரூமில் நின்று பார்த்தால் மட்டும் போதாது. ஸ்டூலில் உட்கார்ந்து, ஷூ லேஸ் கட்டுவது போலக் குனியுங்கள். பின்பக்கப் பட்டி ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினாலோ, கால்கள் பிரியும் இடத்திலிருந்து சுருக்கங்கள் விசிறியாக விரிந்தாலோ ரைஸ் போதவில்லை. அந்த பேன்ட்டை வைத்துவிடுங்கள். இடுப்பைப் பிடிக்கவும் காலைக் குறைக்கவும் டெய்லரால் முடியும். ஆனால் ரைஸைக் கூட்டுவதற்குத் தையலுக்குள் மடித்துவிட்ட துணி ரெடிமேட் பேன்ட்டில் இருக்காது. தைக்கக் கொடுப்பதாக இருந்தால், இடுப்பளவோடு சேர்த்து, பட்டி எங்கே நிற்க வேண்டும் என்பதையும் விரல் வைத்துக் காட்டி, அங்கிருந்து அளவெடுக்கச் சொல்லுங்கள்.